பட்டறை மூடிய நண்பருக்குத் துணை

பல வருடம் நடத்திய சிறுதொழிலை ஒருவர் மூடும்போது வருமானம் மட்டும் நிற்பதில்லை. காலையில் எழுந்து போவதற்கான இடம், ஊரில் அவரை அடையாளம் சொல்லும் பெயர், நான்கு பேருக்குச் சம்பளம் கொடுத்தவர் என்ற மரியாதை ஆகியவையும் சேர்ந்தே போகின்றன. சாவு வீட்டுக்கு எப்படிப் போவது, என்ன பேசுவது, எத்தனையாம் நாள் திரும்பப் போவது என்பதற்கெல்லாம் தமிழரிடையே முறை இருக்கிறது. பட்டறை மூடிய வீட்டுக்கு அப்படி ஒரு முறை கிடையாது. அதனால் நண்பர்கள் முதல் வாரத்தில் வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார்கள், அல்லது என்ன சொல்வதென்று தெரியாமல் வராமலே இருந்துவிடுகிறார்கள். உண்மையில் ஷட்டரை இறக்கிய பிறகும் மூடும் வேலை ஐந்தாறு மாதம் இழுக்கிறது. நண்பரின் துணை அதிகம் தேவைப்படுவது அந்த மாதங்களில்தான்.

கோயம்புத்தூரில் வாடகை ஷெட்டில் நடக்கும் லேத் பட்டறையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும். பம்புசெட், மோட்டார், ஜவுளி இயந்திரம், கிரைண்டர் ஆகியவற்றுக்கான உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கும் இத்தகைய ஜாப் ஒர்க் பட்டறைகள் அந்த நகரில் தெருத்தெருவாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் முதலாளியே முதல் தொழிலாளி. வேறொருவரிடம் ஹெல்பராகச் சேர்ந்து, தொழில் கற்று, மனைவியின் நகையை அடகு வைத்து முதல் லேத்தை வாங்கியவர்கள் இவர்களில் ஏராளம். மூடுவதற்கான காரணமும் பல இடங்களில் ஒன்றுபோலவே இருக்கும். ஆர்டர் கொடுத்துவந்த கம்பெனி சொந்தமாக சி.என்.சி. மெஷின் போட்டுவிடும், அல்லது பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியை வருடக்கணக்கில் ஏற்றாமலே வைத்திருக்கும். 2021இல் இரும்பு விலை ஏறியது. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது, நிலைக்கட்டணமும் கூடியது. ஒரே அடியில் விழும் பட்டறைகள் குறைவு. பெரும்பாலானவை இரண்டு மூன்று வருடம் கைக்காசைப் போட்டு ஓட்டிய பிறகே நிற்கின்றன.

ஆறுதல் சொல்ல வருபவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். செய்தி நண்பரின் காதுக்கு எட்டுவதற்கு வெகு முன்பே பட்டறைக்காரர் ஒரு வருடமாவது தூங்காமல் கழித்திருப்பார். வேலை செய்பவர்களிடம் சொல்லாமலும், வீட்டில் பாதியை மறைத்தும், பார்ட்டிகளிடம் எல்லாம் நன்றாகப் போவதாகக் காட்டிக்கொண்டும் இருந்திருப்பார். அவரைப் பார்த்து, "ரெண்டு வருஷம் முன்னாடியே மூடியிருக்கணும் மாப்ள" என்பது அவர் ராத்திரி ராத்திரியாகத் தனக்கே சொல்லிக்கொண்டதைத் திரும்பச் சொல்வதாகும். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றால், இழந்தது பெரிதில்லை என்று அவர் காதில் விழும். "நேரம் சரியில்லை, ஜாதகத்தைக் காட்டு" என்பது ஆறுதல்போலத் தோன்றினாலும், பன்னிரண்டு வருட உழைப்பைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் கிரகத்தைப் பற்றிப் பேச வைத்துவிடும். "உன் திறமைக்கு எங்க போனாலும் வேலை கிடைக்கும்" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முதல் வாரத்தில் அதைக் கேட்பவருக்கு, இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு நிற்கும் தன் உருவம்தான் கண்முன் வரும்.

அந்த முதல் சந்திப்புக்கு அதிகச் சொற்கள் வேண்டியதில்லை. "கேள்விப்பட்டேன் மாப்ள, மனசே கேக்கல, அதான் வந்தேன்" என்பது போதும். அதன்பிறகு பேச்சை அவர் போக்கில் விட வேண்டும். பெரும்பாலும் அவர் பழைய கதைக்குப் போவார். முதல் லேத்தை எந்த ஏலத்தில் எடுத்தார், எந்த கம்பெனியில் முதல் ஆர்டர் பிடித்தார், ஒரு தீபாவளிக்கு ராத்திரி முழுக்க ஓட்டி எத்தனை பீஸ் முடித்தார் என்று சொல்வார். இது நேரத்தைக் கடத்தும் பேச்சல்ல. தான் செய்ததற்கு ஒரு மதிப்பு இருந்தது என்பதை இன்னொருவர் முன்னால் அவர் நிலைநாட்டிக்கொள்கிறார். கேட்பவர் அந்த வேலையை அறிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. "அந்த ஷாஃப்ட் வேலையில ரிஜெக்ஷனே வராதே உங்களுக்கு" என்று ஒரு குறிப்பிட்ட வேலையைச் சொல்லிப் பாராட்டினால், பொதுவான புகழ்ச்சி எட்டாத இடத்துக்கு அது எட்டும்.

வணிகம் மூடியவரின் துக்கத்தைத் தனியாக ஆராய்ந்தவர்களில் டீன் ஷெப்பர்ட் முக்கியமானவர். சொந்தத் தொழிலை இழந்தவர் அடைவது நெருங்கிய ஒருவரை இழந்த துக்கத்தை ஒத்தது என்றும், அந்தத் துக்கம் தணியும் வரை தோல்வியிலிருந்து பாடம் கற்பதே கடினம் என்றும் 2003இல் வெளியான கட்டுரையில் அவர் வாதிட்டார். அதில் அவர் காட்டிய வழி, துக்கம் பற்றி மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த கருத்தை அடியொற்றியது. மனிதர் சில நேரம் இழப்பை நினைத்து அழ வேண்டும், சில நேரம் அதை ஒதுக்கிவிட்டு வாழ்க்கையின் அடுத்த வேலைகளைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே மாறி மாறிப் போய்வருவதே குணமாகும் வழி. ஒன்றிலேயே நின்றுவிட்டால் சிக்கல்தான். நண்பருக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. நேற்று கலங்கியவர் இன்று பழைய மெஷினை விற்பது பற்றி உற்சாகமாகப் பேசினால் எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. நாளை மறுபடியும் கலங்கினால் பின்னுக்குப் போய்விட்டார் என்றும் நினைக்கக் கூடாது. இரண்டு நாளும் அவரோடு இருந்தால் போதும்.

இப்போது அந்த "அடுத்த வேலைகள்" என்னென்ன என்று பார்க்கலாம். வெறும் வார்த்தையை விட இங்கேதான் நண்பரால் மிகுதியாகச் செய்ய முடியும். மூடிய பட்டறைக்காரரின் மனதைப் பெரும்பாலும் அழுத்துவது கடனின் அளவை விட, அதன் அளவு தெரியாமல் இருப்பதுதான். நோட்டைத் திறக்கவே அவருக்குப் பயமாக இருக்கும். போன் அடித்தால் எடுக்க மாட்டார். ஒரு மாலைப்பொழுது நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரே தன் கையால் எழுதும்படி செய்துவிட்டால் மலைப்பில் பாதி இறங்கிவிடும்.

மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நான்கு ஆட்கள் கொண்ட ஒரு பட்டறையின் கணக்கை உதாரணமாக எழுதிப் பார்க்கலாம். கொடுக்க வேண்டியதில் பேங்க் கடன் பாக்கி 4,20,000 ரூபாய். நகைக் கடன் 2,50,000. மெட்டீரியல் கொடுத்தவருக்கு 90,000. ஆட்களுக்குச் சம்பளமும் போனஸுமாக 60,000. வட்டிக்காரரிடம் வாங்கியது 1,00,000. மொத்தம் 9,20,000 ரூபாய். வர வேண்டியதில், பேங்க் கடனில் வாங்கிய இரண்டு லேத் 3,00,000 ரூபாய்க்குப் போகும். பழைய லேத்தும் டிரில்லிங் மெஷினும் 1,00,000. பார்ட்டிகளிடம் நிற்கும் பில் பணம் 1,50,000. ஷெட் அட்வான்ஸில் வாடகை பாக்கி கழிய 80,000. மொத்தம் 6,30,000. "எல்லாம் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் முன்னால் இப்போது இருப்பது 2,90,000 ரூபாய்ப் பற்றாக்குறை. அது சிறிய தொகையல்ல, ஆனால் அதற்கு ஓர் அளவு கிடைத்துவிட்டது.

எந்தப் பணம் எங்கே போகும் என்பதையும் அதே மாலையில் பார்க்கலாம். பேங்க் கடனில் வாங்கிய மெஷின்கள் பேங்கிடம் ஈடாக இருப்பவை. பேங்கைக் கேட்காமல் அவற்றைக் காயலான் கடைக்கோ வேறு பட்டறைக்கோ தள்ளிவிட்டால் பெரிய வம்பில் போய் முடியும். அனுமதியோடு விற்றால் அந்த 3,00,000 கடனுக்கே போய், பாக்கி 1,20,000 ஆகும். மற்ற மூன்று வரவும் சேர்ந்து 3,30,000. அதில் ஆட்களுக்கு 60,000, வட்டிக்காரருக்கு 1,00,000, மெட்டீரியல்காரருக்கு 90,000 கொடுத்தால் மீதி 80,000 நகைக் கடனுக்குப் போகும். கடைசியில் நிற்பது நகைக் கடனில் 1,70,000, பேங்கில் 1,20,000. இந்த இரண்டும் வட்டி குறைந்தவை, வீட்டு வாசலில் வந்து சத்தம் போடாதவை. ஆட்களின் பாக்கியை முதலில் தீர்ப்பதற்கு மனம் சார்ந்த காரணமும் உண்டு. கூட வேலை செய்தவர்களைத் தெருவில் பார்த்தால் ஒதுங்கிப் போக வேண்டியதில்லை என்ற நிலை வந்தாலே அவர் வீட்டை விட்டு வெளியே வரத் தொடங்குவார். ஆனால் இந்த வரிசையை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். நண்பர் கேள்வி கேட்கலாம், கூட்டல் சரிபார்க்கலாம், அதற்கு மேல் போகக் கூடாது.

கணக்கு எழுதிய பிறகு அலைச்சல் தொடங்கும். இந்த அலைச்சல்தான் அவரை மிகவும் கூச வைக்கும். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அதை ரத்து செய்ய விண்ணப்பிக்க வேண்டும், ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தொழில்தான் நின்றுவிட்டதே என்று அப்படியே விட்டால், தாக்கல் செய்யாத ஒவ்வொரு மாதத்துக்கும் தாமதக் கட்டணம் ஏறும். மின் இணைப்பும் இதைப் போன்றதே. மோட்டார் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் வந்துகொண்டிருக்கும். இணைப்பு பட்டறைக்காரர் பெயரில் இருந்தால் அதைத் துண்டிக்க எழுதிக் கொடுத்து, கட்டிய வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்க வேண்டும். பேங்கில் தவணை நின்று 90 நாள் தாண்டினால் கடன் வாராக்கடனாகிவிடும். அதற்கு முன்பே மேனேஜரைப் பார்த்து நிலைமையைச் சொல்வதற்கும், நோட்டீஸ் வந்த பிறகு போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

பார்ட்டியிடம் நிற்கும் பணம் விஷயத்தில் பலர் மனம் தளர்ந்து கைவிட்டுவிடுகிறார்கள். மூடிய பட்டறைக்கு யார் கொடுப்பார்கள் என்பது அவர்கள் எண்ணம். உதயம் பதிவு செய்து வேலை முடித்துக் கொடுத்த சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் சொல்கிறது. தாமதமானால் வட்டியும் உண்டு. இணையவழியில் புகார் பதியலாம். பட்டறையை மூடியதால் முன்பு செய்த வேலைக்கான கூலி இல்லாமல் போவதில்லை. டெலிவரி சலானையும் பில்லையும் தேடி எடுத்து அடுக்குவதே பெரிய வேலை. நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கென்றே உட்கார்ந்தால், அது பத்து ஆறுதல் வார்த்தைக்கு மேல்.

உதவி செய்யும் விதத்திலும் கவனம் தேவை. நியூயார்க்கில் வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களின் துணைவர்களையும் வைத்து நயால் போல்கரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தி 2000இல் வெளியிட்டார்கள். துணைவர் செய்த உதவி, பெறுபவரின் கண்ணில் உதவியாகப் படாமல் இருந்தபோதுதான் அதிகம் பயன்பட்டது என்று அதில் தெரிந்தது. தான் உதவி பெறுகிறோம் என்ற உணர்வே மனிதரைச் சற்றுச் சிறுமைப்படுத்துகிறது. ஊர்ப்பக்கம் பலர் இதைப் படிக்காமலே அறிந்திருக்கிறார்கள். "உனக்காக பேங்குக்கு வர்றேன்" என்பதற்குப் பதில், "எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு மாப்ள, ஒரே வண்டில போயிரலாம்" என்பார்கள். பழைய லேத்தை யாரோ அடிமாட்டு விலைக்குக் கேட்கும்போது, விலை தெரிந்த இன்னொரு ஆளைத் தற்செயலாக வந்ததுபோல அந்த நேரத்தில் அங்கே நிறுத்துவார்கள்.

பணம் கொடுப்பதில்தான் நட்புகள் அதிகம் முறிகின்றன. திரும்ப வரும் என்று எதிர்பார்த்துக் கொடுத்த பெரிய தொகை, ஏற்கெனவே உள்ள கடன் பட்டியலில் இன்னொரு வரியாகச் சேர்கிறது. பிறகு அவர் நண்பரையும் தவிர்க்கத் தொடங்குவார். திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை என்ற அளவில் மட்டும் கொடுப்பது நல்லது. ஒரு பருவத்துப் பள்ளிக் கட்டணம், ஒரு மாத மளிகை என்று குறிப்பிட்ட செலவை ஏற்றுக்கொண்டால் அவருக்கும் கூச்சம் குறையும். நண்பரே கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவராக இருந்தால் நிலைமை வேறு. அப்போது அவர் ஆறுதல் சொல்பவர் மட்டுமல்ல, பாதிக்கப்படுபவரும் கூட. மனதில் கணக்கை வைத்துக்கொண்டு வாயில் ஆறுதல் பேசுவதை விட, அதை முதலிலேயே வெளிப்படையாகப் பேசிவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து பேங்குக்குப் போவது நட்புக்கு நல்லது.

வீட்டில் இருக்கும் மனைவியை மறந்துவிடக் கூடாது. பட்டறைக் கணக்கை எழுதியவரும், ஆட்களுக்கு டீ போட்டுக் கொடுத்தவரும், நகையைக் கழற்றிக் கொடுத்தவரும் பல வீடுகளில் அவர்தான். அவருக்குச் சம்பளம் கிடையாது, போர்டில் பெயரும் கிடையாது. ஆறுதல் சொல்ல வரும் ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து அவர் கணவரிடம் மட்டும் பேசிவிட்டுப் போகிறார்கள். நண்பரின் மனைவியோ அக்காவோ தனியாக வந்து அவரிடம் பேசினால், வீட்டின் உண்மை நிலையும் அப்போதுதான் தெரியவரும்.

சில அறிகுறிகளைக் கண்டால் சாதாரண ஆறுதல் போதாது. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு திரும்பத் தூங்காமல் இருப்பது, சாப்பாட்டை ஒதுக்குவது, குடி கூடுவது, ஆசையாக வைத்திருந்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாட்டி இவங்களாவது நிம்மதியா இருப்பாங்க" என்பது, இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து எடுத்துப் பார்ப்பது எல்லாம் அபாயக் குறிகள். கந்துவட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்து அவமானப்படுத்தும்போது அபாயம் இன்னும் கூடும். இந்த இடத்தில் சுற்றி வளைக்காமல், "செத்துப் போயிரலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டதும் பலர் உடைந்து அழுதுவிடுகிறார்கள், அந்த அழுகையே முதல் வழி. ஆமாம் என்றால் தனியே விடக் கூடாது, கைக்கெட்டும் ஆபத்தான பொருள்களை அகற்ற வேண்டும், வீட்டாரிடம் சொல்ல வேண்டும், டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிக்கு 14416, தமிழ்நாட்டு அரசின் மருத்துவ உதவிக்கு 104, சென்னையின் சிநேகா அமைப்புக்கு 044-24640050 என்ற எண்களில் தமிழிலேயே பேசலாம். வட்டிக்காரர்களின் தொல்லைக்கு 2003ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டத்தின் கீழ்ப் போலீஸில் புகார் கொடுக்கலாம். அந்தப் புகாருக்குத் தனியாகப் போக அவர் பயப்படுவார் என்பதால் நண்பர் கூடப் போவது அவசியம்.

இரண்டு மூன்று மாதம் ஆனதும் விசாரிப்பவர்கள் குறைந்துவிடுவார்கள். அப்போது வரும் முதல் ஆயுத பூஜை லேத் பட்டறைக்காரருக்கு மிகக் கடினமான நாள். முந்தைய வருடம்வரை அன்று சுருள் சுருளாகக் கிடக்கும் இரும்புச் சீவலைக் கூட்டி அள்ளி, சக்கில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் தொட்ட வேஸ்ட் துணியால் துடைத்து, பெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, ஆட்களுக்குப் பொரியும் ஸ்வீட்டும் துணிமணியும் கொடுத்தவர் அவர். தெரு முழுக்க எல்லாப் பட்டறையிலும் பூசணிக்காய் உடைக்கும்போது அவர் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார். அந்த நாளை நினைவில் வைத்திருந்து காலையிலேயே அவர் வீட்டுக்குப் போகிறவர்தான் நெருங்கிய நண்பர். எங்காவது வெளியூர் போகலாமா, இல்லை தெரிந்தவர் பட்டறைப் பூஜைக்குப் போகலாமா என்பதை அவரிடமே கேட்க வேண்டும். சிலர் போக விரும்புவார்கள், சிலரால் முடியாது.

அடுத்து என்ன செய்வது என்ற பேச்சை அவர் எடுக்கும்வரை நண்பர் எடுக்கக் கூடாது. எடுத்தபின் பெரும்பாலும் இரண்டு வழிகள் முன்னால் நிற்கும். ஒன்று, இன்னொரு கம்பெனியில் ஆபரேட்டராகவோ சூப்பர்வைசராகவோ சேர்வது. மற்றது, வைத்திருக்கும் ஒரு மெஷினோடு சிறிய அளவில் மறுபடி தொடங்குவது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் "முதலாளியா இருந்தவர்" என்று யாராவது சொல்வதே அவருக்கு வலிக்கும், அதனால் அந்த மாதமும் நண்பர் தொடர்ந்து பார்த்துக்கொள்வது நல்லது. மறுபடி தொடங்க ஆசைப்பட்டால், உற்சாகப்படுத்துவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். ஜி.எஸ்.டி. இறுதிக் கணக்கு முடிந்ததா, மீதியுள்ள கடனுக்கு மாதத் தவணை எவ்வளவு என்று எழுதி வைத்தாயிற்றா, முன்பு பட்டறையை நிறுத்திய அதே பார்ட்டியை நம்பித்தான் இதுவும் தொடங்கப்போகிறதா? இவற்றுக்கு அவர் தயங்காமல் பதில் சொன்னால், ஷெட் பார்க்கக் கூடப் போகலாம். தயங்கினால் இன்னும் சில மாதம் பொறுத்திருக்கச் சொல்லும் உரிமை, அத்தனை நாளும் கூட அலைந்த நண்பருக்கு உண்டு.